பாதி சரக்கு இப்போது, மீதி பிறகு: தகவல் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மதுரை ஜவுளிக்கடை ஒன்றுக்கு 1,440 டீ-சர்ட் ஆர்டர்: கருப்பு, மெரூன், நேவி ப்ளூ, ஒவ்வொன்றும் 480. செப்டம்பர் 18 அனுப்ப வேண்டும். 15-ஆம் தேதி நேவி ப்ளூ துணி ஷேடு சரியில்லாமல் மறுபடி சாயப்பட்டறைக்குப் போகிறது.

இங்கே முதல் தவறு, கையில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கட்டி அனுப்புவது. நேவி ப்ளூவில் முன்பே தைத்த 150 பீஸ் தேறும் என்று அதையும் சேர்த்துவிடுவார்கள். பின்னால் வரும் 330 வேறு சாய லாட். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் நிற வித்தியாசம் தெரியும். சைஸும் அப்படித்தான். எஸ், எம் மட்டும் போய் எல், எக்ஸ்எல் நின்றுவிட்டால் கடைக்காரர் வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் நிறம் நிறமாகப் பிரியுங்கள். போகிற நிறத்தில் எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 கணக்கில் செட் முழுதாக இருக்கட்டும்.

இரண்டாவது, "மீதி பத்து நாளில்" என்பது. எந்த நாளிலிருந்து பத்து? கிளம்புவதா, வந்து சேருவதா? துணி 21-ஆம் தேதி வரும், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் 26 வரை இழுக்கும், 27 லாரி. இப்படிக் கணக்குப் போட்டு வந்த தேதியைத்தான் சொல்ல வேண்டும்.

பில்லில் நடக்கும் தவறுதான் வாடிக்கையாளரை அதிகம் பாதிக்கிறது. 1,440-க்கும் ஒரே பில் போட்டு 960 மட்டும் அனுப்பினால், ஜிஎஸ்டி சட்டப்படி கடைசி லாட் கைக்கு வந்த பிறகுதான் அவர் அந்த பில்லுக்கான உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். வராத சரக்குக்கும் சேர்த்து அவர் பணம் முடங்கும். போகிற 960-க்கு மட்டும் பில் போடுங்கள், மீதிக்குத் தனி பில்.

அப்புறம், லாரி கிளம்பியபின் சொல்வது. அது அவரைக் கேட்டதாகாது. 16-ஆம் தேதியே இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். உங்கள் 1,440 டீ-சர்ட்டில் கருப்பு 480, மெரூன் 480, எல்லா சைஸும் செட்டாக 18-ஆம் தேதி லாரியில் ஏறத் தயார். நேவி ப்ளூ 480 ஷேடு சரியில்லாததால் மறுபடி சாயத்துக்குப் போயிருக்கிறது. அது 27 கிளம்பி 28 மதுரை லாரி ஆபீஸுக்கு வரும். இப்போது 960-க்கு மட்டும் பில். இரண்டாவது லாரி வாடகை எங்களுடையது. பிரித்து அனுப்பட்டுமா, எல்லாம் சேர்த்து 27 அனுப்பட்டுமா? நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்."

காரணத்துக்கு ஒரு வரி போதும். பட்டறைக்காரர் மேல் பழி போட்டு நீட்டினால், கடைக்காரர் தேடும் தேதி அடியில் போய்விடும்.

செய்தி போனதும் வேலை முடிந்ததாக விட்டுவிடுவதும் தவறுதான். 21-ஆம் தேதி துணி வரவில்லை என்றால் 27 தாங்காது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். புதுத் தேதியை அன்று மாலையே சொல்லிவிடுங்கள்; கடைக்காரர் அதற்குள் வேறு இடத்தில் நேவி ப்ளூ பார்த்துக்கொள்ள நினைத்தாலும் அவருக்கு ஒரு வாரம் இருக்கும்.