நடுகல்லில் முதலில் கைகளைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் நடுகல்லைக் கண்டால், எழுத்தைத் தேடும் முன் உருவத்தின் கைகளைப் பாருங்கள். ஓங்கிய வாள் எதிரியை நோக்கினால் போரில் விழுந்தவர். அதே வாள் தன் கழுத்திலேயே பதிந்திருந்தால் நவகண்டம். தன்னையே பலி தந்தவர். அருகில் மாடுகள் நின்றால் ஆநிரைப் பூசல், மாடு கவரும் அல்லது மீட்கும் சண்டையில் இறந்தவர். வளையல் அணிந்த கை உயர்ந்திருந்தால் சதிக்கல், கணவனின் சிதையில் உயிர்விட்ட பெண்ணுக்கானது.

வழிபாட்டில் உள்ள கற்களில் எண்ணெய் படிந்து இவை மங்கியிருக்கும். தயவுசெய்து சுரண்டாதீர்கள், இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கோடும் நிழல் விழுந்து தெரியும்.

எழுத்து, பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தாகவும் இருக்கலாம். அதில் ‘பட்டான்’ என்று வந்தால் இறந்தான் என்று பொருள். வீரனின் பெயரை அதன் அருகிலேயே தேடுங்கள். கேரள வழக்கான கொல்லம் ஆண்டு இருந்தால், கி.பி. ஆண்டை அறிய 825 கூட்டுங்கள், ஆவணி முதல் மார்கழி நடுவரை 824. கொல்லம் 720 தை என்றால் கி.பி. 1545.