பதவிப் பெயருக்குக் கீழே இரண்டு வரி: மேலாளர் ரெஸ்யூமில் பொறுப்பின் அளவைக் காட்டுவது எப்படி

கருங்கல் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் பொது மேலாளராக இருக்கும் அண்ணன் ஒருவர் தன் ரெஸ்யூமை என்னிடம் கொண்டுவந்தார். 22 வருட அனுபவம், 5 பக்கம். மூன்று ஆலைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் செயல்பாட்டுத் தலைவர் வேலைக்கு அனுப்ப வேண்டும். ஐந்து பக்கத்தையும் படித்து முடித்த பிறகும் எனக்கு ஒன்று பிடிபடவில்லை. அவர் நடத்துவது 50 பேர் வேலை செய்யும் ஆலையா, 500 பேர் வேலை செய்யும் ஆலையா?

'ஆலையின் அன்றாட வேலைகள் அனைத்துக்கும் பொறுப்பு', 'தரத்தை உயர்த்தினேன்', 'செலவைக் குறைத்தேன்' என்றுதான் பக்கம் பக்கமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பத்துப் பேரை வைத்துப் பருப்பு உடைக்கிறவரும் இதே வரிகளை எழுதலாம், அதில் பொய்யும் இருக்காது.

பெரிய பதவிக்கு ஆள் எடுக்கிறவர் முதலில் தேடுவது, இவர் இதுவரை சுமந்த பாரம் எவ்வளவு, நாம் ஏற்றப்போகும் பாரம் அதற்குப் பக்கத்தில் வருமா என்பதைத்தான். அதைச் சொல்லப் பதவிப் பெயருக்குக் கீழே இரண்டு வரி போதும். நான் அதை 'அளவு வரி' என்று சொல்வது வழக்கம். அண்ணனின் ரெஸ்யூமை வைத்தே அது எப்படி உருவாகிறது என்று காட்டுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

படி 1: முதலில் தமிழில் எழுதுங்கள்

கடைசியில் ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறோம். ஆனாலும் முதல் வரைவை ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதச் சொல்வேன். நேராக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் எங்கோ படித்த வாசகங்கள்தான் கையில் வரும். தமிழில் எழுதும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல உண்மை வரும்.

நான்கு கேள்விகள் மட்டும். ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு ஓட்டுகிறது? உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? எவ்வளவு பணம் உங்கள் கையெழுத்தில் செலவாகிறது? நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள்?

அண்ணன் எழுதிய பதில்: தினம் 20 டன் பச்சைக் கொட்டை, 500 பேர், 80 கோடி, முதலாளிக்கு. முதலும் கடைசியும் சரி. நடுவில் இருந்த இரண்டையும் சரிசெய்ய எங்களுக்கு ஒரு சாயங்காலம் முழுதும் ஆயிற்று.

படி 2: ஆட்களை எண்ணுவது

500 என்பது தீபாவளி ஆர்டர் நேரத்துக் கூட்டம். மற்ற மாதங்களில் அவ்வளவு பேர் இல்லை. மஸ்டர் ரோலை எடுத்து 12 மாதத்துக்கும் சராசரி பார்த்தபோது 420 வந்தது. உங்கள் கையில் மஸ்டர் இல்லையென்றால், மாதாமாதம் பிஎஃப் கட்டும்போது போகும் பட்டியலில் தலை எண்ணிக்கை இருக்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மொத்த எண் மட்டும் போதாது. 420 பேரில் பெரும்பாலோர் உடைப்பு, தோல் உரிப்பு, தரம் பிரிப்புப் பகுதிகளில் வேலை செய்யும் பெண்கள். அண்ணன் தினமும் நேரடியாகப் பேசி வேலை வாங்குவது ஆறு பேரிடம்: உற்பத்தி, தரம், பராமரிப்பு, ஸ்டோர், பணியாளர் பிரிவு, கணக்கு ஆகியவற்றின் பொறுப்பாளர்கள். 'நேரடியாக 6 துறைப் பொறுப்பாளர்கள், மொத்தம் 420 பேர்' என்று எழுதினால்தான், மேலாளர்களை மேய்க்கத் தெரிந்த மேலாளர் என்று புரியும். மூன்று ஆலைகளைப் பார்க்கும் வேலைக்கு அதுதான் தேவை. வெறும் 420 என்று போட்டால், பெரிய ஷெட்டில் நிற்கும் சூப்பர்வைசர் என்றுகூட நினைத்துவிடலாம்.

படி 3: எந்தப் பணம் உங்கள் பணம்?

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். '80 கோடி பட்ஜெட்டை நிர்வகித்தேன்' என்று அண்ணன் எழுதியிருந்தார்.

"80 கோடி எது அண்ணா?" என்றேன்.

"கம்பெனி வியாபாரம் தம்பி."

"கொட்டை வாங்குறது யாரு?"

"அது முதலாளிதான். ஆப்பிரிக்காக்காரங்கிட்ட விலை பேசி, தூத்துக்குடியில சரக்கு இறங்குற வரைக்கும் அவர் பாத்துக்குவாரு. ஆலை கேட்டுக்குள்ள வந்தப்புறம் என் பொறுப்பு."

முந்திரித் தொழிலில் பெரும்பணம் கொட்டை வாங்குவதில்தான் போகிறது. அந்த முடிவு அவர் கையில் இல்லை. விற்பனை விலையும் அவர் கையில் இல்லை. அப்படியானால் அவர் கையில் இருப்பது எது? கூலி, எரிபொருள், மின்சாரம், பேக்கிங், பராமரிப்பு. கொட்டையைப் பருப்பாக மாற்றும் செலவு. கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கிக் கூட்டியதில் வருடத்துக்கு 10 கோடி வந்தது. அதுதான் அவர் பட்ஜெட்.

80 எங்கே, 10 எங்கே என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நேர்காணலில் 'கொட்டை விலை ஏறினபோது என்ன செய்தீர்கள்?' என்று ஒரு கேள்வி வந்தால் 80 கோடி அங்கேயே உடைந்துபோகும், அதோடு மற்ற எல்லா எண்ணும் சந்தேகத்துக்குள் போய்விடும். 80 கோடியைத் தூக்கி எறியவும் வேண்டாம். அது நிறுவனத்தின் அளவு. 'ரூ. 80 கோடி வருவாய் உள்ள ஆலை' என்று சூழலாகச் சொல்லலாம், 'ரூ. 10 கோடி உற்பத்திச் செலவு பட்ஜெட்' என்று பொறுப்பாகச் சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் தனித்தனி இடம்.

இயந்திரம், கட்டடம் மாதிரி ஒரு முறை போடும் முதலீட்டை ஆண்டுச் செலவோடு கூட்டக்கூடாது. அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

முதலாளி வருவாயை வெளியே சொல்ல விரும்பமாட்டார் என்றால் அந்த எண்ணை விட்டுவிட்டு 'தினம் 20 டன் திறன்' என்று எழுதுங்கள். தொழில் தெரிந்தவருக்கு டன் கணக்கே போதும். நம்மூரிலிருந்து கல்ஃபுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: அங்கே படிப்பவருக்குக் கோடி புரியாது. 1 கோடி என்பது 10 மில்லியன். 10 கோடி ரூபாயை 100 மில்லியன் ரூபாய் என்று எழுதுங்கள், ரூபாய் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் டாலர் என்று படித்துவிடுவார்கள்.

படி 4: அளவு வரி

இப்போது எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது:

*பொது மேலாளர். தினம் 20 டன் திறனுள்ள முந்திரி ஏற்றுமதி ஆலை, ஆண்டு வருவாய் ரூ. 80 கோடி. உற்பத்திச் செலவு பட்ஜெட் ரூ. 10 கோடி, நேரடியாக 6 துறைப் பொறுப்பாளர்கள், மொத்தம் 420 பேர், நிர்வாக இயக்குநருக்குப் பதில் சொல்பவர்.*

அவ்வளவுதான். இதில் 'சிறந்த', 'திறமையான' போன்ற சொல் ஒன்றுகூட இல்லை, கவனியுங்கள். இது ஆங்கிலத்தில் போனாலும் மூன்று வரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சாதனைகள் இதற்குள் நுழைந்துவிட்டன என்று அர்த்தம். அவற்றை வெளியே எடுத்துக் கீழே வையுங்கள்.

படி 5: விளைவுகள்

அளவு வரிக்குக் கீழே மூன்று அல்லது நான்கு விளைவுகள். ஒவ்வொன்றிலும் எங்கே இருந்தது, எங்கே வந்தது, எத்தனை காலத்தில், அதனால் எவ்வளவு பணம் என்ற நான்கும் வேண்டும்.

அண்ணனின் பழைய வரி 'உடைசலைக் குறைத்தேன்'. முந்திரியில் முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்குக் குறைந்த விலை. தரப் பதிவேட்டைப் பார்த்தோம். அவர் பொறுப்பேற்றபோது 100 கிலோ பருப்பில் 68 கிலோ முழுசாக வந்தது. இரண்டு வருடத்தில் 74 ஆனது. எப்படி என்றும் கேட்டேன். உடைப்புக்கு முன்னால் கொட்டையை அளவுவாரியாகப் பிரிக்க வைத்தார், ஒவ்வொரு அளவுக்கும் கத்தியின் இடைவெளியை மாற்றினார், ஆவியில் வெந்த கொட்டை நன்றாக ஆறிய பிறகே உடைக்க வேண்டும் என்று கண்டிப்பாக்கினார்.

இதைப் பணமாக்குவோம். ஆலை வருடத்துக்குச் சுமார் 1,400 டன் பருப்பு எடுக்கிறது. அதில் 6 சதவீதம் 84 டன், அதாவது 84,000 கிலோ. முன்பு உடைசலாகப் போன அந்த 84,000 கிலோ இப்போது முழுப் பருப்பாக விற்கிறது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் கிலோவுக்கு 100 ரூபாய் என்று அவர்கள் விற்பனைப் பில்களிலிருந்து எடுத்துக்கொண்டோம். 84 லட்சம் ரூபாய்.

ஆனால் உடனே எழுதிவிடவில்லை. "இந்த ரெண்டு வருஷத்துல புது மெஷின் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டேன். தோல் உரிக்கும் இயந்திரம் ஒன்று வந்திருந்தது, அதைத் தேர்வு செய்தது முதலாளி. அது வருவதற்கு முன்பே, 18 மாதத்திலேயே, 72 வரை எட்டிவிட்டார்கள் என்று பதிவேடு சொன்னது. ஆக, 68 முதல் 72 வரை உள்ள 4 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். 56 டன், 56 லட்சம். மெஷின் எப்போது வந்தது, அதனால் என்ன ஆனது என்று ஒருவர் குடைந்து கேட்டாலும் இந்த எண் நிற்கும்.

*முழுப் பருப்பு விகிதத்தை 18 மாதத்தில் 68%லிருந்து 72%க்கு உயர்த்தினேன்: அளவுவாரிப் பிரிப்பு, கத்தி அமைப்பு, ஆறவைக்கும் நேரக் கட்டுப்பாடு. ஆண்டுக்கு ரூ. 56 லட்சம் கூடுதல் வருவாய்.*

எல்லாமே பணமாக மாறாது. அவர் ஆலையில் வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தது உண்மை, ஆனால் அதற்குப் பண மதிப்புச் சொல்ல நம்பகமான கணக்கு எங்களிடம் இல்லை. அதனால் சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

படி 6: 5 பக்கத்தை 2 ஆக்குவது

இப்போதைய வேலைக்கு முதல் பக்கத்தில் பாதி. அதற்கு முந்தைய வேலைக்கு அதே மாதிரி ஓர் அளவு வரியும் இரண்டு விளைவும். 15 வருடத்துக்கு முந்தையதெல்லாம் பதவி, நிறுவனம், வருடம் என்று ஒரே வரி. அண்ணன் சூப்பர்வைசராக இருந்த காலத்தை வெட்டும்போது வருத்தப்பட்டார், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கற்றதுதான் மேலே கத்தி இடைவெளியாக வந்து நிற்கிறது. அப்புறம் குறிக்கோள், அப்பா பெயர், மதம், கையெழுத்துக்கு மேலே வரும் உறுதிமொழி ஆகியவற்றை எடுத்தாலே அரைப் பக்கம் கிடைக்கும்.

படி 7: நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

இடம் மிச்சம் பிடிக்கச் சிலர் அளவு வரியைப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் போடுவார்கள், அல்லது அட்டவணை ஆக்குவார்கள். பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் வாசிப்பது மென்பொருள். பெட்டிக்குள் இருப்பதை அது தவறவிடலாம், அல்லது வரிசை மாற்றிப் படிக்கலாம். கோப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். 420 பேர் என்பது பழைய நிறுவனத்துக்குக் கீழே போய் விழுந்திருந்தால், பெட்டியை எடுத்துவிட்டு அதைச் சாதாரண வரியாக எழுதுங்கள். ரூபாய்க் குறியீடு கட்டமாகத் தெரிந்தால் அதை எழுத்தில் எழுதுங்கள். எண்கள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றால் அனுப்பலாம்.