மூன்று மணி நேரப் பயிலரங்கில் என்ன கற்றார்கள்? முன்தேர்வும் பின்தேர்வும் தயாரிப்பது எப்படி

பயிலரங்கு முடிந்ததும் “பயனுள்ளதாக இருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை வைத்து யாருக்கு எது புரிந்தது என்று சொல்ல முடியாது. நடத்துவதற்கு முன் ஒரு சிறு தேர்வு, முடிந்தபின் இன்னொரு சிறு தேர்வு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு: இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த இரண்டு தாள்களையும் தயாரிக்கும் விதத்தில் பிசகினால், கிடைக்கும் எண் கற்றலைக் காட்டாது, தாளின் கடினத்தைக் காட்டும்.

எடுத்துக்காட்டுக்கு எக்செல் தொடக்கநிலைப் பயிலரங்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம், இருபது பேர். வேறு பாடமானாலும் படிகள் இவையே.

படி 1: எதைச் செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்

“எக்செல் பற்றிய புரிதல்” என்று எழுதினால் அதிலிருந்து கேள்வி பிறக்காது. “ஃபார்முலாவை இன்னொரு செல்லுக்கு நகலெடுத்தால் அது எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொல்வார்” என்று எழுதினால் கேள்வி தானாக வரும். மூன்று மணி நேரத்துக்கு இப்படி நான்கு வரிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி வீதம் எட்டுக் கேள்விகள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் பின்தேர்வின்போது களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பார்கள்.

படி 2: தவறான விடைகளை யோசித்து எழுதுங்கள்

முதல் தாளை ‘அ’ என்போம். அதில் ஒரு கேள்வி:

```
C2 செல்லில் உள்ள ஃபார்முலா:  =B2*$F$1
இதை C5 செல்லுக்கு நகலெடுத்தால் என்ன ஆகும்?

1)  =B2*$F$1
2)  =B5*$F$4
3)  =B5*$F$1
4)  =B2*$F$4
5)  தெரியாது
```

சரியான விடை 3: டாலர் குறி பூட்டிய F1 மாறாது, B2 மட்டும் கீழே நகர்ந்து B5 ஆகும். மற்றவை சும்மா இட்டு நிரப்பியவை அல்ல. 1-ஐத் தேர்ந்தவர், நகலெடுத்தால் அப்படியே வரும் என்று நினைக்கிறார். 2-ஐத் தேர்ந்தவருக்கு டாலர் குறியின் வேலை தெரியவில்லை. 4-ஐத் தேர்ந்தவர் அந்தக் குறியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். முன்தேர்வுத் தாள்களை இடைவேளைக்குள் ஒருமுறை புரட்டினாலே எந்தத் தவறான புரிதல் அறையில் அதிகம் என்று தெரிந்துவிடும்.

“தெரியாது” என்ற ஐந்தாவது தெரிவை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், ஒன்றுமே தெரியாதவர் குருட்டாம்போக்கில் டிக் அடித்தும் எட்டில் சராசரியாக இரண்டு வாங்கிவிடுவார். முன்தேர்வு மதிப்பெண் அந்த அளவுக்கு உப்பி, அவர் உண்மையில் கற்றது குறைவாகத் தெரியும். “தெரியாவிட்டால் தெரியாது என்றே குறியுங்கள், இது உங்களுக்கு மதிப்பெண் போட அல்ல” என்று வாயாலும் சொல்லுங்கள்.

படி 3: இரண்டாவது தாள்

எனக்கு நெடுநாள் குழப்பமாக இருந்த படி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அதே தாளை இரண்டு முறையும் கொடுக்கலாமே என்று தோன்றும். மூன்று மணி நேர இடைவெளியில் கேள்வி நினைவில் இருக்கும். இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் “அந்த மூன்றாவது கேள்விக்கு என்ன போட்டே?” என்று கேட்டு விடை தெரிந்துகொண்டிருப்பார்கள். அப்போது பின்தேர்வு அளப்பது அந்த ஒரு விடையை, திறனை அல்ல. அதனால் ‘ஆ’ என்று இன்னொரு தாள் வேண்டும்.

‘ஆ’ தாளில் கேள்வியின் மேற்பூச்சை மட்டும் மாற்றுங்கள், உள்ளே இருக்கும் சிந்தனையைத் தொடாதீர்கள்:

```
E3 செல்லில் உள்ள ஃபார்முலா:  =D3-$H$2
இதை E7 செல்லுக்கு நகலெடுத்தால் என்ன ஆகும்?

1)  =D7-$H$6
2)  =D3-$H$2
3)  =D3-$H$6
4)  =D7-$H$2
5)  தெரியாது
```

செல்கள் மாறின, கணக்குக் குறி மாறியது, விடைகளின் வரிசை மாறியது. கீழ்நோக்கி நகலெடுப்பதும், ஒரு பகுதி நகர்வதும், இன்னொன்று பூட்டப்பட்டிருப்பதும் மாறவில்லை. தவறான விடைகள்கூட அதே மூன்று தவறான புரிதல்களைத்தான் பிடிக்கின்றன.

“கொஞ்சம் வித்தியாசமாக இருக்கட்டுமே” என்று E3-இலிருந்து F3-க்குப் பக்கவாட்டில் நகலெடுக்கச் சொன்னால் அது வேறு கேள்வி. இப்போது மாறுவது எண் அல்ல, எழுத்து. `$H$2` என்பதை `$H2` ஆக்கினால் அதுவும் வேறு கேள்வி, இன்னும் கடினமானது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், விடை தேடும் வழி வேறு. ஒவ்வொரு இணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடைக்குப் போகும் படிகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று: பயிலரங்கில் நீங்கள் காட்டும் எடுத்துக்காட்டில் இந்த இரண்டு தாள்களின் செல்களும் ஃபார்முலாக்களும் வரக்கூடாது.

படி 4: பாதிப் பேருக்குத் தாள்களை மாற்றிக் கொடுங்கள்

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இரண்டு தாள்களும் சரிசமக் கடினமாக அமையாது. அதைச் சரிக்கட்ட எளிய வழி இருக்கிறது. பத்துப் பேருக்கு முதலில் ‘அ’, பிறகு ‘ஆ’ (வரிசை 1). மற்றப் பத்துப் பேருக்கு முதலில் ‘ஆ’, பிறகு ‘அ’ (வரிசை 2).

இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை):

```
            முன்   பின்   வேறுபாடு
வரிசை 1      4      7        3
வரிசை 2      5      6        1
```

எல்லோருக்கும் வரிசை 1 மட்டும் கொடுத்திருந்தால் “சராசரியாக 3 மதிப்பெண் கூடியது” என்று அறிக்கை எழுதியிருப்போம். உண்மையில் ‘ஆ’ தாள் எளிது. வரிசை 1-க்கு அந்த எளிமை பின்தேர்வில் சாதகமாகிறது, வரிசை 2-க்குப் பாதகமாகிறது. இரண்டு வேறுபாடுகளின் சராசரியை எடுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் 2 நிற்கும். அதுதான் கற்றதன் அளவு. 3-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளியில் பாதி, அதாவது 1, ‘ஆ’ தாள் எவ்வளவு எளிது என்பதைச் சொல்கிறது. பத்துப் பேர் குழுவில் இது தோராயம்தான். ஆனாலும் அடுத்த முறை எந்தத் தாளைத் திருத்த வேண்டும் என்று காட்டிவிடும்.

முன்வரிசைக்கு ‘அ’, பின்வரிசைக்கு ‘ஆ’ என்று பிரிக்காதீர்கள். நண்பர்கள் சேர்ந்தே உட்காருவார்கள். தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கிலிருந்தே கொடுத்துக்கொண்டு போங்கள்.

படி 5: ஆளை அடையாளம் காண எண்

முன்தேர்வு எழுதியவரின் பின்தேர்வு எது என்று தெரியாவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நடக்காது. “பிறந்த தேதியும் போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் சேர்த்து எழுதுங்கள்” என்று ரகசியக் குறியீடு கேட்பார்கள் சிலர். காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முன்தேர்வுத் தாளின் ஓரத்தில் ஓர் எண்ணும், கிழித்து வைத்துக்கொள்ள அதே எண்ணுள்ள துண்டும் போதும். ஒற்றை எண்ணுக்கு வரிசை 1, இரட்டைக்கு வரிசை 2. அதே எண்கள் எழுதிய பின்தேர்வுத் தாள்கள் உங்கள் பையில் தயாராக இருக்கட்டும்.

ஆன்லைன் படிவம் வேண்டாமா என்றால், இருபது பேருக்கு எனக்குக் காகிதமே பிடிக்கும். இணைப்புத் திறக்கவில்லை, சார்ஜ் இல்லை என்று கால் மணி நேரம் போகாது. ஐம்பது பேரைத் தாண்டினால் படிவத்துக்கு மாறிவிடுவேன்.

முன்தேர்வை நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே வையுங்கள். “இன்று டாலர் குறி பற்றிப் பார்ப்போம்” என்ற ஸ்லைடு ஓடியபின் வைத்தால் பாதி விடை போய்விட்டது. முடிந்ததும் விடை சொல்லாதீர்கள். பின்தேர்வு, சான்றிதழுக்கு முன்பு.

படி 6: கணக்கு

A-யில் எண், B-யில் வரிசை (1 அல்லது 2), C-யில் முன், D-யில் பின், E-யில் `=D2-C2`. இரண்டு தாளும் எழுதியவர்களை மட்டும் சேருங்கள்.

```
=AVERAGEIFS(E2:E21,B2:B21,1)
=AVERAGEIFS(E2:E21,B2:B21,2)
```

இந்த இரண்டு விடைகளின் சராசரிதான் உங்களுக்கு வேண்டியது.

மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கேள்வி இணைக்கும் நான்கு எண்ணிக்கை எடுங்கள்: தவறிலிருந்து சரிக்கு வந்தவர், இரண்டிலும் சரி, இரண்டிலும் தவறு, சரியிலிருந்து தவறுக்குப் போனவர். இன்னொரு எக்செல் ஷீட்டில் C-யில் முன், D-யில் பின், சரிக்கு 1, தவறுக்கும் “தெரியாது”வுக்கும் 0 என்று இட்டால், தவறிலிருந்து சரிக்கு வந்தவர்கள்:

```
=COUNTIFS(C2:C21,0,D2:D21,1)
```

இரண்டிலும் சரியானவர்கள் நிறைய என்றால் அந்தப் பகுதியை நீங்கள் கற்பிக்கத் தேவையே இல்லை. இரண்டிலும் தவறானவர்கள் நிறைய என்றால் உங்கள் விளக்கம் போய்ச் சேரவில்லை. நான் முதலில் பார்ப்பது சரியிலிருந்து தவறுக்குப் போனவர்களை. ஓரிருவர் என்றால் முன்பு குத்துமதிப்பில் சரியாகக் குறித்திருப்பார்கள். நாலைந்து பேர் என்றால், கேள்வியின் வாசகத்தில் இரட்டை அர்த்தம் இருக்கலாம், அல்லது நீங்கள் சொன்ன ஏதோ ஒன்று குழப்பிவிட்டிருக்கிறது.

பின்னர் சேர்த்தது: தாமதமாக வருபவர்கள்

தாமதமாக வந்தவர்களால் ஒரு குழுவில் பதின்மூன்று, இன்னொன்றில் ஏழு என்று ஆகிவிட்டதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பரவாயில்லை. E நெடுவரிசை முழுவதற்கும் ஒரே சராசரி எடுக்காமல், இரண்டு குழுக்களுக்கும் தனித்தனியே எடுத்து அவற்றைச் சராசரி செய்தால் பெரிய குழு கணக்கைத் தன் பக்கம் இழுக்காது. முன்தேர்வை எழுதாமல் வந்தவருக்குப் பாடம் தொடங்கியபின் அதைக் கொடுக்காதீர்கள். அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று: முன்தேர்விலேயே எட்டுக்கு ஏழு வாங்குபவர்

அவருக்கு ஏற இடமே ஒரு மதிப்பெண்தான். அவர் கற்கவில்லை என்று அர்த்தமல்ல, உங்கள் தாளால் அளக்க முடியவில்லை. இயற்பியல் வகுப்புகளை ஒப்பிட ரிச்சர்ட் ஹேக் 1998-இல் பயன்படுத்திய வழி உதவும்: கூடிய மதிப்பெண்ணை, கூடுவதற்கு இடமிருந்த மதிப்பெண்ணால் வகுப்பது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் மொத்த முன்சராசரி 4.5, பின்சராசரி 6.5. கூடியது 2, இடமிருந்தது 3.5, வகுத்தால் 0.57. இதை வகுப்புச் சராசரிக்குச் செய்யுங்கள். ஆளுக்கு ஆள் செய்தால், முன்தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவருக்கு எக்செல் `#DIV/0!` என்று நிற்கும். பலர் ஆறுக்கு மேல் வாங்கியே வருகிறார்கள் என்றால், சூத்திரத்தை விட்டுவிட்டுத் தாளில் கடினமான இரண்டு இணைகளைச் சேருங்கள். அந்தப் பக்கவாட்டு நகலெடுப்புக் கேள்விக்கு அப்போது வேலை வரும், இரண்டு தாளிலும் வைத்தால்.