பிரிண்டில் கோடு விழுந்தால் உடனே டோனர் மாற்றாதீர்கள்

லேசர் பிரிண்டர் பழுதுபார்க்கப் புதிதாக வருபவர்கள் கோட்டைக் கண்டதும் கார்ட்ரிட்ஜைக் கழற்றுகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் ஒருகாலத்தில் செய்ததுதான் இது. கார்ட்ரிட்ஜை மாட்டத் தெரியாதது, பெட்டியில் வந்த டேப்பை உரிக்க மறப்பது போன்றவை ஒரு நாளில் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படி ஆறுவதில்லை.

கோடு எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் பாகம் வாங்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஓர் அலுவலகத்தில் பார்த்த பிரிண்டரில், தாளின் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு. டோனரை மாற்றியிருக்கிறார்கள், கோடு போகவில்லை. அடுத்து டிரம் யூனிட்டையும் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அப்போதும் கோடு அதே இடத்தில் இருந்தது. இரண்டு புதுப் பாகங்களும் வீண்செலவு.

ஒரே ஒரு தாளைப் பாதி வழியில் நிறுத்தியிருந்தால் போதும். பக்கம் முழுக்க எழுத்து உள்ள ஒன்றை அச்சிடக் கொடுங்கள். டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் பிடிக்கவைக்கும் ஃபியூசருக்குள் தாளின் முன்விளிம்பு நுழைந்ததும் முன்கதவைத் திறந்துவிடுங்கள். ஓட்டம் நின்றுவிடும். நேரம் தவறினால் இன்னொரு தாள் கொடுத்துப் பாருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, கார்ட்ரிட்ஜை மெதுவாக வெளியே எடுத்து, தாளை அசைக்காமல் பாருங்கள். ஃபியூசரைத் தாண்டாத பகுதியில் எழுத்து வெறும் பொடியாகவே இருக்கும்; விரல் பட்டால் கலைந்துவிடும்.

அந்தப் பொடிப் பகுதியிலேயே கோடு இருந்தால் ஃபியூசருக்கு அதில் பங்கில்லை. அடுத்து டிரம்மில் இன்னும் தாளுக்கு இறங்காத பகுதியைப் பாருங்கள். அங்கும் கோடு தெரிந்தால் டிரம்மில் கீறல், அதில் மிஞ்சும் டோனரை வழித்தெடுக்கும் வைப்பர் பிளேடில் பிசிறு, டிரம்முக்கு மின்னேற்றம் தரும் சார்ஜ் ரோலரில் அழுக்கு என்ற வரிசையில் தேடலாம். டிரம் சுத்தமாக இருந்து, தாளின் பொடிப் பகுதியில் மட்டும் கோடு இருந்தால், டிரம்முக்குக் கீழே இருக்கும் டிரான்ஸ்ஃபர் ரோலரையும் தாள் போகும் பாதையையும் பாருங்கள். பொடிப் பகுதி சுத்தமாக இருந்து, ஃபியூசரைக் கடந்த பகுதியில் மட்டும் கோடு தொடங்கினால் குற்றவாளி ஃபியூசர்தான்.

அந்த அலுவலகத்தில் மூன்றாவதுதான் நடந்தது. பிரிண்டர் நன்றாக ஆறிய பிறகு ஃபியூசரைக் கழற்றினேன். சூடாகும் ரோலரிலிருந்து தாளைப் பிரித்துவிடும் சிறு நகம் ஒன்றின் நுனியில், டோனர் உருகி மணிபோல் இறுகியிருந்தது. அது ரோலரைச் சுற்றிலும் உராய்ந்து பள்ளம் பறித்திருந்தது. பள்ளத்தில் ஒட்டிய டோனரே ஒவ்வொரு தாளிலும் கோடாக இறங்கியது. நகத்தைத் துடைக்கலாம், பூச்சு போன ரோலரைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். லேசருக்கு உகந்ததல்லாத ஒட்டும் லேபிள் தாள்களை அங்கே அடிக்கடி ஓட்டியிருந்தார்கள். அந்தப் பசை சூட்டில் இளகி உள்ளே தங்கும், டோனரும் அதில் பிடித்துக்கொள்ளும்.

கோடு தொடர்ச்சியாக இல்லாமல், ஒரே குறி சம தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை எடுங்கள். சுற்றும் பாகத்தின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் அதன் சுற்றளவு கிடைக்கும். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் ஏறக்குறைய 75 மி.மீ.க்கு ஒருமுறை குறி விழும், 30 மி.மீ. டிரம் என்றால் 94 மி.மீ. அளவு டிரம்முடன் பொருந்தாவிட்டால் மற்ற ரோலர்களின் விட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

மங்கிய பட்டையை எல்லாம் டோனர் தீர்ந்தது என்று முடிவுகட்டுவது

நெடுக்குவாட்டில் பட்டையாக எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, மட்டமாகப் பிடித்து இருபக்கமும் ஐந்தாறு முறை அசைத்துப் போடுங்கள். மங்கல் நீங்கிச் சில பக்கங்களில் திரும்பினால் டோனர் தீர்ந்துவருகிறது. கொஞ்சமும் மாறவில்லை என்றால், அதே மாடலில் நன்றாக ஓடும் வேறொரு கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பட்டை அதே இடத்தில் நின்றால், லேசர் ஒளி வெளியே வரும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். அது தடுக்கும் இடத்தில் டிரம்மில் ஒளி விழாது, டோனரும் ஒட்டாது. உலர்ந்த, பிசிறு உதிராத துணியால் மென்மையாகத் துடைத்தால் போதும். கார்ட்ரிட்ஜை மாற்றியதும் பட்டை மறைந்தால் பழைய கார்ட்ரிட்ஜே காரணம்; டோனர் இருந்தும் மங்கியது என்றால், டோனரைச் சீராகப் பரப்பும் டாக்டர் பிளேடில் ஏதாவது அடைத்திருக்கும்.

எழுத்து தேய்த்தால் உதிர்வதற்கு டோனரைக் குறைசொல்வது

பொடி உருகிப் பிடிக்கவில்லை என்று பொருள். தடிமனான தாளைப் போட்டுவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்; அது சரியாக இருந்தால் ஃபியூசரின் சூட்டைச் சோதியுங்கள்.

டிரம்மைக் கையால் தொடுவது, வெளிச்சத்தில் வைப்பது

தொடாதீர்கள். கழற்றியதும் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

ஃபியூசர் ரோலரைக் கத்தியால் சுரண்டுவது

கூடவே கூடாது.

சிந்திய டோனருக்கு வெந்நீர்

சூட்டில் உருகித் துணியில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீர் மட்டுமே.