பிரசங்கம் செய்யாத சமூகப் படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏற்றத்தாழ்வைப் பேசும் படங்களில் சில நம்மை உலுக்கிவிடுகின்றன, சில வகுப்பெடுக்கின்றன. எது எந்த வகை என்று பார்க்கத் தொடங்கியதுமே கண்டுகொள்ள வழி இருக்கிறது. 2013இல் வந்த நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான ‘ஃபன்ட்ரி’யை வைத்து விளக்குகிறேன். கதையின் சில திருப்பங்களைச் சொல்லியே ஆகவேண்டும்.

படி 1: கதைச்சுருக்கத்தில் ஓர் ஆசையைத் தேடுங்கள்

‘ஒடுக்கப்பட்டவர்களின் குரல்’ என்ற அளவில் சுருக்கம் நின்றுவிட்டால் எச்சரிக்கையாக இருங்கள். ‘ஃபன்ட்ரி’யின் சிறுவன் ஜப்யா நீதி கேட்டுப் புறப்படுவதில்லை. உடன் படிக்கும் ஷாலுவின் மீது அவனுக்குக் காதல். பன்றி பிடிக்கும் வேலையை ஊர் அவன் குடும்பத்தின் தலையில் சுமத்தியிருக்கிறது. அந்த வேலையில் அவள் தன்னைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை. அந்தச் சின்ன ஆசைக்குக் குறுக்கே வந்து நிற்கும்போதுதான் சாதி எவ்வளவு பெரியது என்பது நமக்கு உறைக்கிறது.

படி 2: ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

அவமானம் நிகழும் காட்சியாக இருக்கட்டும். வசனம் இல்லாமலும் யார் யாரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது புரிந்தால் நல்ல அறிகுறி. பிடித்த பன்றியைக் கம்பில் கட்டி ஜப்யாவின் குடும்பம் தூக்கிச் செல்கிறது. பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கர், ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகப் போராடிய சாவித்ரிபாய் புலே ஆகியோரின் ஓவியங்கள். யாரும் அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை, கேமராவும் விளக்கம் சொல்வதில்லை. இதே இடத்தில் ஒரு ஆசிரியரை நிறுத்திச் சமத்துவம் பற்றிப் பேசவைத்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

படி 3: வசனம் யாருக்காகப் பேசப்படுகிறது?

நீண்ட வசனமே கூடாது என்பதில்லை. எதிரே நிற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒரு பாத்திரம் விளக்கினால், அது நமக்காக எழுதப்பட்ட பாடம். எதிரே நிற்பவரின் முடிவை மாற்றுவதற்காகப் பேசினால், அதில் தோற்கவும் வாய்ப்பிருந்தால், நீதிமன்ற வாதம்கூட நாடகமாகிவிடும்.

படி 4: பாகுபாடு காட்டுபவர் யார்?

என் கணக்கில் இதுதான் முக்கியமான சோதனை. மீசை முறுக்கும் ஒரே ஒரு வில்லன் மீது எல்லாப் பழியும் விழுந்தால், ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று பார்வையாளர் நிம்மதியாக எழுந்து போய்விடுவார். ‘ஃபன்ட்ரி’யில் பன்றி துரத்தும் குடும்பத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள், கூடப் படிக்கும் பையன்கள். கடைசியில் ஜப்யா எறியும் கல் கேமராவை நோக்கி, அதாவது நம்மை நோக்கியே வருகிறது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதை அந்தக் கல் ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறது.

ட்ரெய்லரை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். உரத்த வசனங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது அதன் வழக்கம், அதனால் அமைதியான படமும் அதில் பிரசங்கமாகத் தெரியும். படத்தின் நடுவிலிருந்து ஒரு முழுக் காட்சியை எடுத்து, இரண்டாவது, மூன்றாவது சோதனைகளை அதில் செய்து பாருங்கள்.