எஃப்.எம். கணக்கில் மதிப்பெண் கசியும் இடங்கள்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். செய்தி அலையின் வீச்சு 5 வோல்ட், அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸ். மாடுலேட்டரின் உணர்திறன் வோல்ட்டுக்கு 15 கிலோஹெர்ட்ஸ். விலகல் Δf = 75 கிலோஹெர்ட்ஸ், β = 75/15 = 5. கார்சன் விதிப்படி பட்டை அகலம் 2(75 + 15) = 180 கிலோஹெர்ட்ஸ். இதுவரை யாரும் தவறுவதில்லை.

அடுத்து, 'செய்தியின் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால்?' என்று கேட்பார்கள். பலர் 180-ஐப் பாதியாக்கி 90 என்று எழுதிவிடுகிறார்கள். எஃப்.எம்.-இல் விலகலைத் தீர்மானிப்பது செய்தியின் வீச்சுதான். அது மாறாததால் Δf 75-லேயே நிற்கும். β 10 ஆகிறது, பட்டை அகலம் 2(75 + 7.5) = 165. இன்னொரு கூட்டம் பழைய β = 5-ஐயே வைத்து 2(β + 1)fm-இல் போடும்; அதுவும் 90-தான் தரும். அந்த 90 சரியாக வருவது கட்டப் பண்பேற்றத்தில். அங்கே β வீச்சை மட்டும் பொறுத்தது, Δf அதிர்வெண்ணோடு சேர்ந்து இறங்கும். ஆகவே கேள்வியில் இருப்பது எஃப்.எம்.-ஆ, பி.எம்.-ஆ என்று முதலில் அடிக்கோடிடுங்கள். (ஏ.எம்.-க்கு இந்தத் தொல்லையே இல்லை. பண்பேற்றக் குறியீடு எதுவானாலும் 2fm.)

இரைச்சல் பகுதியில்தான் நிறைய மதிப்பெண் போகிறது. முதல் கணக்கிலேயே, டிமாடுலேட்டருக்குள் நுழையுமிடத்தில் சுமப்பி-இரைச்சல் விகிதம் 20 டெசிபெல், வெளியீட்டு விகிதம் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் 1.5β² = 37.5, அதாவது 15.7 டெசிபெல்லைக் கூட்டி 35.7 என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 1.5β², செய்திப் பட்டையான 15 கிலோஹெர்ட்ஸுக்குள் விழும் இரைச்சலை வைத்து வரையறுக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட 20 டெசிபெல்லோ 180 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி விடும் மொத்த இரைச்சலை வைத்தது. அது 12 மடங்கு, அதாவது 10.8 டெசிபெல் அதிகம். அதையும் கூட்டினால் விடை 46.5. சரிபார்க்க 3β²(β + 1) = 450 என்று நேராகப் போடுங்கள்; 26.5 டெசிபெல் உயர்வு, அதே விடை.

இரைச்சல் அடர்த்தி N0/2 என்று கொடுத்தால் அது இருபக்க அடர்த்தி. B அகலமுள்ள பட்டையில் இரைச்சல் திறன் N0·B. பாதி போட்டால் 3 டெசிபெல் தவறும்.

அதே கேள்வியில் 20-க்குப் பதில் 6 டெசிபெல் இருந்தால் அது பொறி. சுமார் 10 டெசிபெல்லுக்குக் கீழே எஃப்.எம். வாசல் விளைவில் சிக்கும். வெளியீட்டில் 'டக் டக்' என்று வெடிப்புகள் வரத் தொடங்கும், இந்தச் சூத்திரம் செல்லாது. அங்கே 32.5 என்று கணக்குப் போட்டு நேரத்தை வீணாக்காமல், வாசலுக்குக் கீழே இருப்பதால் சூத்திரம் பொருந்தாது என்று ஒரு வரி எழுதுங்கள்.