அமெரிக்கா போகும் அப்பா அம்மாவின் டிராவல் பாலிசி: எங்கே கோட்டை விடுகிறோம்?

குடியாத்தத்திலிருந்தும் காட்பாடியிலிருந்தும் பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோருக்கு, டிக்கெட் போட்டுத் தரும் ஏஜெண்டே பெரும்பாலும் இன்சூரன்ஸையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தில் 50,000 டாலர் என்றிருக்கும். அதைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவதுதான் முதல் தவறு. அது உச்சவரம்பு மட்டுமே. எந்தச் செலவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது உள்ளே இருக்கும் பலன் அட்டவணையில்தான் தெரியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அப்பாவுக்கு 66 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நியூ ஜெர்சியில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைக்கிறார்கள். பில் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாலிசியில் ஏற்கெனவே இருந்த நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், மொத்தத் தொகையில் 10 சதவீதம் என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது 5,000 டாலர். அதில் நாமே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 100 டாலர் போனால் கைக்கு வருவது 4,900. மீதி 35,100 டாலர் மகன் தலையில்.

‘சர்க்கரை வேறு, மாரடைப்பு வேறுதானே’ என்று வாதாடிப் பார்க்கலாம். ஆனால் பழைய நோயோடு அதனால் வரும் சிக்கல்களையும் சேர்த்தே விலக்கும் பாலிசிகள் பல. இன்னொரு கண்ணியும் உண்டு. உயிர் காக்கும் சிகிச்சைக்கான அந்தத் தொகைகூட நோயாளியின் நிலை சீராகும்வரைதான். அதற்குப் பிறகு ஆகும் மருந்து, மறுபரிசோதனைச் செலவுகள் நம்முடையவை.

ஆகவே பிடிஎஃப்பைத் திறந்ததும் தேடும் இடத்தில் pre-existing என்றும், பிறகு life threatening, sub-limit என்றும் அடித்துப் பாருங்கள். முதல் சொல் வரையறைப் பகுதிக்குக் கொண்டுபோகும். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டறிந்ததோ, அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ சொன்னதோ பழைய நோய் என்று பல பாலிசிகளில் அங்கே இருக்கும். பழைய வாசகங்களில் 48 மாதம் என்றும் பார்க்கலாம். பத்து வருடத்துக்கு முன் வந்த சர்க்கரையானாலும் இன்றும் மாத்திரை போட்டால் அது இந்தக் கணக்கில் வந்துவிடும். கடைசிச் சொல், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐசியு, அறுவை சிகிச்சைக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு போட்டிருக்கிறார்களா என்று காட்டும். அமெரிக்க மருத்துவமனையில் இந்த வரம்புகள் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இதைவிடப் பெரிய தவறு விண்ணப்பத்தில் நடக்கிறது. நோய் உண்டா என்ற கேள்விக்கு ஏஜெண்ட் ‘இல்லை’ என்று டிக் அடிப்பார், நாம் ஓடிபி சொல்லிவிடுவோம். கிளைம் வரும்போது கம்பெனி பழைய மருத்துவ ஆவணங்களைக் கேட்கும். வேலூர் சிஎம்சியில் வருடக்கணக்காகப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே மருத்துவமனை எண்ணில் பதிவாகியிருக்கும். அது போதாதென்று, அமெரிக்க டாக்டர் கேட்டதும் ‘எட்டு வருசமா சுகருக்கு மாத்திரை போடுறேன்’ என்று அப்பாவே சொல்லிவிடுவார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும். மறைத்த குற்றத்துக்காக அந்த 4,900 டாலரும் போகலாம். தவறாக டிக் ஆகியிருந்தால், விமானம் ஏறும் முன்பே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தக் கேளுங்கள். பிரீமியம் கூடலாம், பாலிசியே மறுக்கப்படலாம். அது தெரியவேண்டிய இடம் வேலூர்தான், நியூ ஜெர்சி அல்ல.

இனி பயண ரத்து. மருத்துவக் காப்பு பொதுவாக இந்தியாவைவிட்டுக் கிளம்பியதும் தொடங்கும்; ரத்துக்கான காப்போ பொதுவாகப் பாலிசி எடுத்ததிலிருந்து கிளம்பும் வரைதான். கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்தால் அந்தப் பகுதிக்குக் கட்டிய பணம் கிட்டத்தட்ட வீண். டிக்கெட் போட்ட கையோடு எடுப்பதே சரி.

திரும்பி வராத பணத்துக்குத்தான் ஈடு கிடைக்கும், அதுவும் வரம்புக்குள். 1,20,000 ரூபாய் டிக்கெட்டில் விமான நிறுவனம் 25,000 திருப்பித் தந்தால் நட்டம் 95,000. பாலிசி வரம்பு 500 டாலர் என்றால், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 42,500. காரணமும் பட்டியலில் இருக்கவேண்டும். விசா மறுப்பு, மனமாற்றம், ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் சிக்கி விமானத்தை விட்டது எல்லாம் பெரும்பாலும் அதில் இராது. நெருங்கிய உறவினர் மருத்துவமனையில் சேர்ந்தது இருக்கும். ஆனால் யார் நெருங்கிய உறவினர் என்று வரையறையைப் பாருங்கள். மாமனார் சில பாலிசிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. அவர் சேர்ந்தது பழைய இதய நோயால் என்றால், பழைய நோய் விலக்கு இங்கேயும் குறுக்கே வரலாம்.